மொக்கைக் கத்திதான் கையைப் பதம் பார்க்கும்

“சாணை பிடித்துத் தரட்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம், கூராக இருந்தால் பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்ளும். இந்தக் கத்தியே போதும்” என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பாதுகாப்பு கருதித்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சமையலறையில் விரல் வெட்டுப்படுவதற்கு அந்தப் ‘பாதுகாப்பான’ கத்தியே பல நேரம் காரணமாகிறது.

ஒரு தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோல் வழுவழுப்பானது, உள்ளே சதை மெத்தென்று இருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு, ஒரு தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இருக்கும். நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் குவிவதால், தோலில் வைத்து லேசாக இழுத்தாலே போதும், கத்தி உள்ளே இறங்கிவிடும். கை அழுத்தவே வேண்டியதில்லை.

மழுங்கிய கத்தியின் விளிம்போ உருண்டு தடித்துப்போயிருக்கும். அதே அழுத்தம் இப்போது அகலமான இடத்தில் பரவுகிறது. தோல் கிழியாமல் பள்ளமாக அமுங்குகிறது. நாம் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம், இன்னும் கொஞ்சம். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். தோல் திடீரென்று விட்டுக்கொடுத்து, அவ்வளவு வேகமும் ஒரே நொடியில் கீழே பாயும். அல்லது கத்தி வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். பக்கவாட்டில் இருப்பது தக்காளியைப் பிடித்திருக்கும் இடது கை. தக்காளியை வெட்ட முடியாத கத்தி விரலை எப்படி வெட்டும் என்று தோன்றலாம். தக்காளியில் மெதுவாக அழுத்தினோம். விரலுக்கு வந்து சேர்வது முழு பலத்தோடு வரும் அடி. தோலைக் கிழிக்க அது தாராளமாகப் போதும். மொக்கைக் கத்தியின் காயம் நேர்கோடாக இல்லாமல் நைந்து கிழிந்திருப்பதும், ஆறத் தாமதமாவதும் இதனால்தான்.

பலகை இல்லாமல், காயைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை நோக்கி வெட்டுவது நம் வீடுகளில் சகஜம். கத்தி கூராக இருக்கும்வரை பழகிய கை அதைச் சமாளித்துவிடும். கூர் போனபிறகு அதே பழக்கம் ஆபத்தாகிறது, ஏனென்றால் அழுத்தத்தின் முடிவில் நிற்பது கட்டைவிரல்.

கத்தி மழுங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். ஒரு செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேல் விளிம்பில் கத்தியை வைத்து இழுங்கள். சத்தமில்லாமல் நேராக வெட்டினால் நல்ல கூர். கிழித்தாலோ மடித்தாலோ தீட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு நேராக விளிம்பை மேல்நோக்கிப் பிடித்தும் பார்க்கலாம். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எங்கேயாவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

தீட்டுவது கடினமான வேலை இல்லை. ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள தீட்டுக்கல் கிடைக்கும். கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடுங்கள். நகராமல் இருக்க, மடித்த ஈரத்துணியின் மேல் வையுங்கள். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

இதில் முக்கியமானது சாய்வுதான். ஒரு காகிதத்தின் மூலையை ஒருமுறை பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தால் கிடைக்கும் கோணம் இருபத்திரண்டரை டிகிரி. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகுப்பக்கத்தை அதைவிடச் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு, முதுகு கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்தச் சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனிவரை விளிம்பு முழுவதும் கல்லில் படும்படி தேயுங்கள். மிதமான அழுத்தம் போதும். கல் காயும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் தேய்ப்பது? அதைக் கத்தியே சொல்லும். ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பை எட்டியதும், மறுபக்கத்தில் கம்பி போல மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்குக் குறுக்காகக் கட்டைவிரலை மெல்ல நகர்த்தினால் அது சொரசொரவென்று தட்டுப்படும். விளிம்போடு நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு அடி முதல் நுனிவரை எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கத்தையும் அப்படியே தேய்க்க வேண்டும். அடுத்துக் கல்லைத் திருப்பி, நைசான பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தேயுங்கள். பிசிறு மறையும்வரை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டுக் காகிதத்தில் வெட்டிப் பாருங்கள்.

கல் இல்லாத வீட்டில், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். லேசாகக் கூர் குறைந்த கத்தியை அதில் அதே சாய்வில் சில தடவை இழுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். முற்றிலும் மொக்கையான கத்திக்கு இது உதவாது. ரம்பம் போலப் பல்வைத்த சின்னக் கத்திகளையும் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. பல் மழுங்கினால் மாற்றிவிடுவதே நல்லது.

தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது விளிம்பு சூடாகும். அது நீல நிறமாக மாறினால் அந்த இடத்து இரும்பு பதம் இழந்துவிட்டது. என்ன தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. எனவே அடிக்கடி தண்ணீரில் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, சாணைச் சக்கரம் விட்டுச்செல்லும் பிசிறு. அன்றைக்குப் பிரமாதமாக வெட்டும் கத்தி நாலு நாளில் மறுபடியும் மொக்கையாவது பெரும்பாலும் இந்தப் பிசிறு மடிந்துபோவதால்தான். வீட்டுக்கு வந்ததும் நைசான கல்லில் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து அதை எடுத்துவிட்டால் கூர் நீடிக்கும்.

கூர் சீக்கிரம் போவதற்கு நம் கையே காரணமாகவும் இருக்கலாம். கிரானைட் மேடையின் மேல் நேரடியாக வெட்டுவதும், எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குவதும் கத்திக்கு எதிரி. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், கத்தி இரும்பைவிடக் கடினமானது. மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ வைத்துக்கொண்டு, அதன் அடியில் ஈரத்துணியை விரித்துவிட்டால் கத்தியும் பிழைக்கும், பலகையும் நகராது. பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கட்டைவிரலைப் பின்னால் ஒதுக்கி, விரல் கணுக்கள் கத்தியின் பக்கவாட்டில் உரசும்படி வைத்து நறுக்குங்கள். கணுவுக்கு மேலே கத்தியைத் தூக்காதவரை நுனி விரல் அகப்படாது. உருளும் காய் எதுவானாலும் முதலில் ஒரு பக்கம் சீவி, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

தீட்டிய முதல் சில நாள்தான் எச்சரிக்கை தேவை. மொக்கைக் கத்திக்குப் பழகிய கை பழைய அழுத்தத்தையே கொடுக்கும். கூரான கத்தி தொட்டால் ஆழமாகவே வெட்டும். எனவே வீட்டில் சமையலறைக்குள் நுழையும் எல்லோரிடமும் “கத்தி தீட்டியிருக்கு” என்று சொல்லிவையுங்கள்.

இனி வைக்கும் இடம். கரண்டிகளோடு சேர்த்து ஸ்டாண்டில் நுனி மேலே இருக்கும்படி சொருகுவதும், இழுப்பறையில் ஸ்பூன்களோடு கலந்து போடுவதும் பல வீடுகளின் வழக்கம். அங்கே கை போகும்போது கண் போவதில்லை. மற்றப் பாத்திரங்களில் உரசி விளிம்பும் கெடும். அட்டைப்பெட்டியின் தடித்த அட்டையைக் கத்தியின் அகலத்தைவிடச் சற்றுப் பெரிதாக மடித்து, திறந்த ஓரத்தையும் நுனிப்பக்கத்தையும் டேப் ஒட்டினால் நல்ல உறை தயார். சுவரில் காந்தப் பட்டை மாட்டினால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அரிவாள்மனையை வேலை முடிந்ததும் மடக்கியோ படுக்க வைத்தோ, விளிம்பு சுவரைப் பார்க்கும்படி ஒதுக்குங்கள். எல்லாவற்றையும்விட மோசமான இடம் சோப்புநுரை நிறைந்த சிங்க். கத்தியை அங்கே போடாமல், பயன்படுத்தியவரே உடனே தனியாகக் கழுவித் துடைத்து வைத்துவிட வேண்டும். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு விழவிடுங்கள்.

அப்படியும் வெட்டுப்பட்டால் காப்பித்தூளையோ மஞ்சள்தூளையோ அப்ப வேண்டாம். காயத்தைச் சுத்தம் செய்ய டாக்டருக்கு அது கூடுதல் வேலை. சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். நடுவில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுப்போடலாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க நீட்ட முடியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய கத்தி, ஒரு சின்னக் கத்தி, ஒரு தீட்டுக்கல் போதும். மீதமுள்ள மொக்கைக் கத்திகளைக் கழிக்கும்போது அப்படியே குப்பைப் பையில் போட்டுவிடாதீர்கள். தடித்த அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே ‘கத்தி’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள்.