ஒரு மக்ரூன் லேபிளின் கதை

முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. தூத்துக்குடி மக்ரூனில் சேருவது இவ்வளவுதான். அதை வீட்டிலேயே சுட்டு விற்கும் ஒருவர் ‘தோணி’ என்று பெயர் வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாயும் சரக்குமாகக் கொழும்புக்குப் போய்வந்த தோணிகளைப் பார்த்த ஊருக்கு ஏற்ற பெயர். அதற்கு ஒரு முத்திரை, ஓர் எழுத்துரு, ஒரு நிறம், ஒரு லேபிள் வேண்டும்.

முதலில் நிறம். இங்கே சட்டமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. முட்டை சேர்ந்திருப்பதால் மக்ரூன் அசைவக் கணக்கில் வரும். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட்டே ஆகவேண்டும். அப்படியானால் முத்திரையும் பழுப்பாகவே இருக்கட்டும். பிறகு அட்டைப்பெட்டியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தாலும் ஒரே மையில் எல்லாம் முடிந்துவிடும்.

முத்திரையை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். வளைந்த அடிப்பாகம், மேலே முக்கோணப் பாய், இரண்டே வடிவங்கள். கோடுகளைக் கணக்காகச் சேமிப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காது. கேன்வாவின் ஆயத்தப் படங்கள் இன்னும் சுலபம்தான். ஆனால் அதே படத்தை யாரும் எடுக்கலாம் என்பதால் அதை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது. வரைந்ததை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். தோணி தெரியாமல் திட்டாகத் தெரிந்தால் கோடுகள் அதிகம்.

எழுத்துக்கு கூகுள் ஃபாண்ட்ஸில் ‘பலூ தம்பி 2’ கிடைக்கிறது. திறந்த உரிமம் கொண்டது என்பதால் வணிகத்துக்கும் காசு கிடையாது.

வில்லங்கம் பெரும்பாலும் அச்சகத்தில்தான் வரும். அங்கே பழைய மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ‘தோ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிக் கிடக்கும். கொம்பும் காலும் கணினிக்குள் ஒரே குறியீடு. எழுத்தின் இருபுறமும் அதைப் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. பழையவற்றுக்கு அது தெரியாது. ஆகவே இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path` கொடுத்துவிட வேண்டும். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எங்கே திறந்தாலும் உடையாது. ஆனால் அதன்பின் பிழை திருத்த முடியாது. அதனால் மூலத்தை `thoni-moolam.svg` என்று தனியே சேமித்துவிட்டு, மாற்றியதை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

லேபிள் ஆறு சென்டிமீட்டர் வட்டம் என்றால், பின்னணி நிறத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடவேண்டும். வெட்டும் கத்தி சற்று நகர்ந்தாலும் வெள்ளை ஓரம் எட்டிப்பார்க்காது. 12க்கு 18 அங்குல ஸ்டிக்கர் தாளில் இப்படி 24 லேபிள் உட்காரும். தயாரித்த தேதிக்கு மையில்லாத கட்டம் ஒன்றை விட்டுவையுங்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். பளபளப்பான தாள் வேண்டாம், அதில் பேனா மை நிற்காது.