தீ ஒத்திகைக் காணொளியின் திரைக்கதை

பள்ளியில் தீப்பிடித்தால் யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை நடித்துக் காட்டும் காணொளிக்காக எழுதப்படுவது தீ ஒத்திகைத் திரைக்கதை ஆகும். தாளின் இடப்பக்கம் திரையில் காண்பதும், வலப்பக்கம் காதில் கேட்பதும் எழுதப்படும். இதில் ஆட்களின் பெயர்கள் வருவதில்லை; வகுப்பாசிரியர், தளப் பொறுப்பாளர், ஒருங்கிணைப்பாளர் எனப் பொறுப்பின் பெயரே திரையின் அடியில் தோன்றும். ஆசிரியர்கள் மாறினாலும் காணொளி பழையதாகாது.

பல திரைக்கதைகளில் எல்லா மாணவரும் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். அது போதாது, ஒருவரைக் குறைத்தே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏழாம் வகுப்பில் 38 பேர். மணி ஒலித்ததும் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்கிறார். கடைசியாக வெளியேறிக் கதவைச் சாத்துகிறார், பூட்டுவதில்லை. கூடுமிடத்தில் பெயர் கூப்பிடும்போது 37 பேரே இருக்கிறார்கள்.

இங்கே அவர் கட்டடத்துக்குள் ஓடுவதாகக் காட்டினால் பார்ப்பவரும் அதையே செய்வார். மற்ற 37 பேருக்கும் ஆள் இருக்காது. எனவே அவர் அங்கேயே நின்று, "மாணவி ஒருவர் இல்லை. இரண்டாம் தளக் கழிவறைக்குப் போனவர்" என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். அடுத்த காட்சியில், கழிவறைகளைப் பார்த்துவரும் தளப் பொறுப்பாளர் அம்மாணவியை அழைத்து வருகிறார். வழியில் புகை இருந்தால் அவரும் உள்ளே போவதில்லை. 101 எண்ணில் அழைக்கப்பட்ட தீயணைப்பு வீரர்களிடம் ஒருங்கிணைப்பாளர் இடத்தைச் சொல்வார்.

படத்தொகுப்பு முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். யார் என்ன செய்தார் என்று அவர்களால் சொல்ல முடியாத காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.