பறக்கும் கண்ணும் பழைய காட்சியும்

மிதிவண்டியில் செல்லும் ஒருவரை ஆளில்லா வானூர்தி ஒன்று தானாகவே பின்தொடர வேண்டும். தரையிலிருந்து எவரும் அதை இயக்கவில்லை. அதன் உடலில் படக்கருவி ஒன்றும் உள்ளங்கை அளவிலான கணினி ஒன்றும் பொருத்தப்பட்டுள்ளன. படக்கருவி நொடிக்கு 30 படங்களைத் தருகிறது. கணினி ஒவ்வொரு படத்திலும் மிதிவண்டிக்காரரைத் தேடிக் கண்டு, அவரைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைகிறது. அச்செவ்வகம் படத்தின் நடுவை விட்டு எப்பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப வானூர்தி திரும்புகிறது. சொல்லக் கேட்டால் எளிய வேலைதான். ஆனால் செவ்வகம் வரைந்து முடியும்போது மிதிவண்டிக்காரர் அவ்விடத்தைக் கடந்துவிட்டிருப்பார்.

வானூர்தியின் உள்ளே இருவகை மூளைகள் உள்ளன. ஒன்று பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை. பிக்ஸ்ஹாக் வகைப் பலகையில் பிஎக்ஸ்4 என்னும் மென்பொருள் இயங்குவதாகக் கொள்வோம். சுழற்சி உணரிகளை நொடிக்குப் பல நூறு முறை படித்து வானூர்தியைக் கவிழாமல் காப்பது அதன் பணி. அதற்குப் பார்வை கிடையாது. மற்றொன்று ஜெட்சன் ஓரின் நானோ போன்ற சிறு கணினி. யோலோ வகை நரம்பியல் வலையமைப்பை இயக்கிப் பார்வை தருவது இது. படத்தைத் தரைக்கு அனுப்பி அங்கே ஆராய்ந்தால் அலைவரிசை அறுந்த கணமே வானூர்தி குருடாகிவிடும். ஆதலால் கண்ணுக்கு அருகிலேயே கணினியும் பறக்கிறது.

செவ்வகத்தின் வயது

ஒரு படம் கட்டளையாக மாறும் பாதையை அளந்து பார்ப்போம். ஒளியைப் பெற்றுப் படத்தைப் படித்தெடுக்க 30 மில்லிநொடி, நிறம் திருத்தி நினைவகத்தில் சேர்க்க 30 மில்லிநொடி, வலையமைப்பு ஆராய 35 மில்லிநொடி, செவ்வகத்தைத் தெரிந்து கட்டளை அமைக்க 5 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஆக, செவ்வகம் பிறக்கும்போதே அதன் வயது 100 மில்லிநொடி. கட்டளை பறப்புப் பலகையை அடைந்து, விசிறிகள் விரைவு மாறி, உடல் திரும்பத் தொடங்க இன்னும் 50. மொத்தக் காலத்தாழ்வு 0.15 நொடி.

மிதிவண்டிக்காரர் 20 மீட்டர் தொலைவில், பார்வைக்குக் குறுக்காக, நொடிக்கு 5 மீட்டர் செல்கிறார். 0.15 நொடியில் அவர் முக்கால் மீட்டர் நகர்ந்துவிடுவார். படத்தின் அகலம் 1280 புள்ளிகள், படக்கருவியின் கிடைப் பார்வைக் கோணம் 60 பாகை எனில், நடுப்பகுதியில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 19 புள்ளிகள். முக்கால் மீட்டர் நகர்வு சுமார் 41 புள்ளிகளாகும். மிதிவண்டியின் நீளத்தில் இது பாதிக்குச் சற்றே குறைவு. இவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத பிழை வேறு இடத்திலிருந்து வருகிறது. வானூர்தியும் அசைகிறதே!

தன் அசைவே தனக்குப் பகை

முன்னோக்கி விரைய வேண்டுமானால் நான்கு விசிறி வானூர்தி மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். படக்கருவி உடலோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து தாழும். 10 மீட்டர் உயரத்திலிருந்து 30 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும் படக்கருவியின் நடுவே மிதிவண்டிக்காரர் தெரிகிறார். வானூர்தி 15 பாகை சாய்ந்தால், அவர் அசையாமல் நின்றாலும் படத்தில் ஏறத்தாழ 300 புள்ளிகள் மேலே ஏறிவிடுவார். 720 புள்ளி உயரமுள்ள படத்தில் நடுவிலிருந்து மேல் விளிம்புக்கு 360 புள்ளிகள்தாம்.

படத்தில் மேலே இருப்பது தொலைவில் இருக்கிறது என்று மட்டும் கருதும் மென்பொருள் இங்கே ஏமாறுகிறது. இலக்கு விலகிச் செல்வதாக எண்ணி விரைவைக் கூட்டுகிறது. விரைவு கூடச் சாய்வு கூடுகிறது. சாய்வு கூட இலக்கு இன்னும் மேலே ஏறுகிறது. இறுதியில் இலக்கு படத்தின் விளிம்பைத் தாண்டி மறைய, தொடர்ந்து வந்த வானூர்தி அதன் தலைக்கு மேலே பாய்ந்து கடந்துவிடுகிறது. கண்டறியும் வலையமைப்பு இதில் ஒரு தவறும் செய்யவில்லை. அது வரைந்த செவ்வகம் ஒவ்வொன்றும் சரியானதே.

இதற்கு மருந்து, செவ்வகத்தின் இடத்தை உடலின் சாய்வோடு சேர்த்துப் படிப்பது. செவ்வகத்தின் அடிவிளிம்பு தரையைத் தொடும் இடம். அவ்விடத்தை நோக்கும் கோட்டின் உண்மையான தாழ்வுக் கோணத்தை, சாய்வைக் கணக்கிட்டு அறிந்தால், உயரத்தைக் கொண்டு தொலைவு கிடைத்துவிடும். உயரம் 10 மீட்டர், தாழ்வுக் கோணம் 30 பாகை எனில் தரைத் தொலைவு 17.3 மீட்டர். தரை சமமாக இருக்கும்வரை இக்கணக்கு செல்லும். மேட்டில் ஏறும் பாதையில் பிழைபடும்.

ஆனால் எந்தச் சாய்வைச் சேர்ப்பது? செவ்வகம் வந்து சேர்ந்த நேரத்துச் சாய்வைச் சேர்ப்பதே பலரும் செய்யும் பிழை. படம் எடுத்த நேரத்துச் சாய்வே வேண்டும். வானூர்தி அரை நொடியில் 15 பாகை சாய்கிறது எனில், 100 மில்லிநொடி வேறுபாட்டுக்குக் கோணம் 3 பாகை பிறழும். 30 பாகை 33 ஆகத் தெரிய, 17.3 மீட்டர் 15.4 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட நேரத்தைப் பொறித்து, கடந்த ஓரிரு நொடிகளின் சாய்வு அளவீடுகளையும் நேரத்தோடு சேமித்து வைத்து, இரண்டையும் நேரம் பார்த்து இணைக்கிறார்கள். கணினியின் கடிகாரமும் பறப்புப் பலகையின் கடிகாரமும் வேறு வேறு என்பதால், அவற்றைப் பொருத்த மாவ்லிங்க் நெறிமுறையில் `TIMESYNC` என்னும் செய்தியே தனியாக உண்டு.

செவ்வகத்தின் வயதை ஊகிக்க வேண்டியதில்லை; அளக்கலாம். விசிறி இறக்கைகளைக் கழற்றிவிட்டு, வானூர்தியைக் கையில் பிடித்து, அசையாப் பொருளொன்றை நோக்கி இடமும் வலமுமாக ஆட்டுங்கள். சுழற்சி உணரி காட்டும் திருப்பத்தையும் செவ்வகத்தின் நகர்வையும் இரு வளைகோடுகளாக வரையுங்கள். வடிவம் ஒன்றாக இருக்கும். ஒன்று மட்டும் பின்தங்கியிருக்கும். இரண்டும் பொருந்துவதற்கு எவ்வளவு நகர்த்த வேண்டுமோ அவ்வளவே வயது.

காலையில் பணிவு, நண்பகலில் தள்ளாட்டம்

இனி ஒரு முழு நிகழ்வைக் கணக்கோடு தொடர்வோம். விலகல் ஒரு பாகையானால் நொடிக்கு 2 பாகை விரைவில் திரும்பு என்று கட்டளை விதி அமைத்திருக்கிறோம். இந்த 2 என்பதே பெருக்கெண். காலையில் வானூர்தி மிதிவண்டியை வழுவாமல் தொடர்கிறது. நண்பகலில் அதே நிரல், அதே பாதை. ஆனால் வானூர்தி இலக்கைத் தாண்டி வலப்பக்கம் திரும்புகிறது. பிறகு மீண்டு இடப்பக்கம் இன்னும் மிகுதியாகத் திரும்புகிறது. ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 4 நொடி ஆகிறது.

காற்றைக் குறை சொல்லத் தோன்றும். உண்மைக் காரணம் வெப்பம். வெயிலில் சூடேறிய கணினி தன்னைக் காத்துக்கொள்ள இயங்கு விரைவைக் குறைத்துக்கொண்டது. 35 மில்லிநொடியில் முடிந்த ஆய்வுக்கு இப்போது 80 மில்லிநொடி ஆகிறது. படக்கருவியோ நொடிக்கு 30 படம் தருவதை நிறுத்தவில்லை. கணினி நொடிக்குப் பன்னிரண்டு படங்களையே உண்கிறது. மிஞ்சியவை வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையில் பத்துப் படங்களுக்கு இடமிருந்தால், எந்தப் படமும் தன் முறை வர 800 மில்லிநொடி காத்திருக்கும். மற்றத் தாழ்வுகளையும் கூட்டினால் மொத்தம் ஏறத்தாழ ஒரு நொடி.

பெருக்கெண்ணையும் காலத்தாழ்வையும் பெருக்கி வரும் எண்ணே நிலைப்பை முடிவு செய்கிறது. இத்தகைய எளிய திருப்ப விதிக்கு, அப்பெருக்கம் 0.37க்குள் இருந்தால் வானூர்தி அலையாமல் இலக்கில் அமரும். அதைக் கடந்தால் சற்று ஆடி அடங்கும். 1.57ஐக் கடந்தால் ஆட்டம் வளரும். காலையில் 2 × 0.15 = 0.3. நண்பகலில் 2 × 1 = 2. அவ்வெல்லைக்கு அருகே ஓர் அலைவின் நேரம் காலத்தாழ்வைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருக்கும். 4 நொடி அலைவைக் கண்டவர், எதையும் திறந்து பாராமலே, ஒரு நொடித் தாழ்வு எங்கோ தேங்கியிருக்கிறது என்று கூறிவிடலாம். `tegrastats` கட்டளை வெப்பநிலையையும் இயங்கு விரைவையும் காட்டி அதை உறுதி செய்யும்.

திருத்தமோ ஒரு வரியில் அடங்குவது. ஜிஸ்ட்ரீமர் வழியாகப் படம் பெறுவோர் அதன் இறுதி உறுப்பை இவ்வாறு அமைக்கலாம்:

```
appsink drop=true max-buffers=1 sync=false
```

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இடம். புதியது வந்தால் பழையதை எறிந்துவிடு என்பது இதன் பொருள். கணினி இப்போதும் சூடாகவே உள்ளது. ஆய்வு இப்போதும் 80 மில்லிநொடி எடுக்கிறது. ஆயினும் மொத்தத் தாழ்வு கால் நொடிக்குள் வந்துவிடும். பெருக்கம் 0.5க்கு இறங்கும். வானூர்தி சற்றே ஆடி அடங்கும். மெதுவான கண்ணை மன்னிக்கும் வானூர்தி, பழைய காட்சியை மன்னிப்பதில்லை.

காணாதபோது

தாழ்வைக் குறைத்த பின்னும் ஒரு குறை எஞ்சும். விலகல் இருந்தால்தானே திரும்பும்? குறுக்கே செல்லும் மிதிவண்டியைத் தொடர நொடிக்கு 14 பாகை திரும்ப வேண்டும். பெருக்கெண் 2 என்பதால் இலக்கு எப்போதும் 7 பாகை முன்னேதான் இருக்கும். பெருக்கெண்ணைக் கூட்டினால் ஆட்டம் வரும். எனவே இலக்கின் விரைவையே கணித்துக் கட்டளையில் நேராகச் சேர்க்கிறார்கள். ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிப்பான் இதற்கு உதவுகிறது. பழைய செவ்வகங்களிலிருந்து இலக்கின் இடத்தையும் விரைவையும் மதிப்பிட்டு, இந்நொடியில் அது எங்கே இருக்கும் என்று அது கூறும். அம்மதிப்பு எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதையும் சேர்த்தே கூறும். மரத்தின் பின்னே இலக்கு மறைந்தால் சிறிது நேரம் இம்மதிப்பை நம்பிச் செல்லலாம். ஐயம் பெருகியபின் நின்றுவிட வேண்டும்.

நிற்பதிலும் ஒரு பொறி உண்டு. பிஎக்ஸ்4இன் `OFFBOARD` முறையில் வெளிக்கணினி நொடிக்கு இருமுறையேனும் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால் பலகை தன் காப்பு நடவடிக்கையைத் தொடங்கும். இந்நிபந்தனையை நிறைவேற்ற, இறுதிக் கட்டளையையே நொடிக்கு 20 முறை திரும்பத் திரும்ப அனுப்பும் தனி நிரலிழையைப் பலர் அமைக்கிறார்கள். படக்கருவியின் இணைப்பு கழன்று கண் மூடினாலும் அவ்விழை ஓயாது. நொடிக்கு 4 மீட்டர் முன்னே செல் என்னும் கடைசிச் சொல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பலகைக்கோ எல்லாம் நலமாகத் தெரியும்.

ஆதலால் அனுப்பும் இழையே ஒவ்வொரு முறையும் தன் கட்டளை எந்தப் படத்திலிருந்து பிறந்தது, அப்படத்தின் வயது என்ன என்று பார்க்க வேண்டும். வயது அரை நொடியைத் தாண்டினால் அனுப்ப வேண்டிய விரைவு சுழியம். படம் எடுத்த கணத்தில் பொறித்த அந்நேரக் குறிப்பே சாய்வைத் திருத்தியது, அலைவின் மூலத்தைக் காட்டியது. இறுதியில் வானூர்தியை நிற்கவும் வைக்கிறது.