இரப்பர் மணி

சுமத்திராத் தீவில் இரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. அம்மரங்களின் பால் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றுவிடும். அதன் நீளும் இயல்போ இந்தோனேசிய மக்களின் பேச்சிலும் இடம்பெற்றுவிட்டது. குறித்த பொழுதில் தொடங்கவேண்டிய ஒன்று காலந்தாழ்ந்து தொடங்குமாயின், அதனை அவர்கள் 'ஜாம் காரெட்' என்பர். 'ஜாம்' என்பது மணியையும் கடிகாரத்தையும் குறிக்கும். 'காரெட்' என்பது இரப்பர். தம்மைத் தாமே நகையாடவும் இச்சொல்லை ஆள்வர். காத்திருந்து சலித்தவர் கடிந்துரைக்கவும் ஆள்வர்.

அந்நாட்டிற்குப் புதிதாகச் செல்வோர், அங்கு எல்லாமே நீளும் என்று எண்ணிவிடுவது உண்டு. அது பிழை. எது நீளும், எது நீளாது என்பதை அந்நாட்டார் நன்கு அறிவர். எவரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவே.

ஒரு மணவிழாவை எடுத்துக்கொள்வோம். சாவகத் தீவில் முசுலிம் இல்லத்து மண அழைப்பிதழில் பெரும்பாலும் இரண்டு நிகழ்ச்சிகள் குறிக்கப்பட்டிருக்கும். காலை 8 மணிக்குத் திருமண உடன்படிக்கை; 11 மணி முதல் விருந்து. விருந்து முடியும் நேரமாகச் சில அழைப்பிதழ்களில் மணி எதுவும் இராது. 'முடியும் வரை' என்ற சொற்களே இருக்கும். விருந்திற்கு 11 மணிக்கு வந்தாலும் நண்பகலில் வந்தாலும் குறையில்லை. மேடையேறி மணமக்களை வாழ்த்தி, உண்டு, விடைபெறலாம். உடன்படிக்கையோ அத்தகையதன்று. அதனைப் பதிவுசெய்யும் அலுவலருக்கு அன்றே வேறு மணங்களும் இருக்கக்கூடும். அவர் வரும் நேரத்தில் மணமகன் அமர்ந்திருத்தல் வேண்டும். ஒரே அழைப்பிதழில் ஒரு மணி இறுகியும் மற்றொரு மணி நெகிழ்ந்தும் நிற்கின்றது.

நகரத்துச் சிற்றுந்துகளில் இந்நெகிழ்ச்சியின் காரணத்தைக் கண்கூடாகக் காணலாம். அவற்றிற்குக் கால அட்டவணை இல்லை. ஓட்டுநர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இருக்கைகள் நிரம்பும்வரை காத்திருப்பார். ஆள் சேர்ந்ததும் வண்டி புறப்படும். ஊர்க்கூட்டமும் இப்படித்தான். கடிகாரம் அதனைத் தொடங்கிவைப்பதில்லை; வரவேண்டியவர் வந்து சேர்ந்தமையே தொடங்கிவைக்கின்றது. அதிலும், பெரியவருக்காக மற்றவர் காத்திருப்பர். இளையவருக்காகப் பெரியவர் காத்திருப்பது அரிது.

பயணி ஒருவர் சாவகத்துச் சிற்றூர் ஒன்றின் நீர்ப்பாசனத்தைக் கண்டறியச் செல்வதாகக் கொள்வோம். ஊர்த்தலைவர் அவரை இரவுக் கூட்டத்திற்கு அழைத்து, 'செத்தெங்ஙா டெலாப்பான்' என்று நேரம் சொல்லுகின்றார். முதற்சொல்லுக்கு 'அரை' என்றும் அடுத்ததற்கு 'எட்டு' என்றும் பொருள். பயணி அதனை எட்டரை என்று கொண்டு, எட்டரைக்கே போய்ச் சேருகின்றார். கூட்டம் பாதி முடிந்துவிட்டது! இந்தோனேசிய மொழியில் அத்தொடர் எட்டை நோக்கிய அரையைக் குறிக்கும், அஃதாவது ஏழரை. அரைமணி தாழ்த்துத் தொடங்கிய கூட்டத்திற்கும் அவர் அரைமணி பிந்தியே வந்தார். அவர் இசைவு பெறவேண்டிய பெரியவரோ பேசிவிட்டு எழுந்து போய்விட்டார். இங்கே நீண்டது இரப்பர் அன்று; பயணியின் மொழியறிவுதான் குறுகிவிட்டது.

எஞ்சியோர் அவரை இன்முகத்துடன் அமர்த்தித் தேநீர் தருகின்றனர். வாய்க்காலைக் காட்டுவதாக ஒருவர், 'பேசோக்' என்கின்றார். அகராதி அதற்கு 'நாளை' என்று பொருள் கூறும். பேச்சிலோ அது இனி வரும் ஏதோ ஒரு நாளாகவும் இருக்கலாம். 'நந்தி' என்னும் சொல் இன்னும் நெகிழ்ந்தது. 'பிறகு' என்பது அதன் பொருள். 'இயலாது' என்று முகத்திற்கு நேரே சொல்லுதல் அங்குப் பலருக்கும் பண்பாகத் தோன்றாது. ஆகவே மறுப்பும் சிலவேளை 'நந்தி' என்றே வெளிவரும். வேறுபாட்டை அறிய வழி உண்டு. 'நாளைக் காலை எத்தனை மணிக்கு? எங்கே சந்திப்பது?' என்று பயணி அமைதியாகக் கேட்கலாம். 'ஆறு மணி, தொழுகைப் பள்ளியின் முன்' என்று விடை வந்தால் அவர் விழித்தெழுந்து செல்லவேண்டும். புன்முறுவலுடன் மீண்டும் 'நந்தி' வந்தால், அத்திட்டம் இன்னும் கனியவில்லை. அதனை நம்பி மறுநாள் மாலை இரயிலுக்குச் சீட்டு வாங்குவது அறிவுடைமை ஆகாது. அந்த இரயில் குறித்த மணிக்கே புறப்பட்டுவிடும்.

அந்நாட்டின் வரலாற்றிலேயே, காத்திருத்தலும் காலந்தவறாமையும் ஒருங்கே நின்ற காலைப்பொழுது ஒன்று உண்டு. 1945 ஆகஸ்டு 17ஆம் நாள், ஜகார்த்தாவில் சுகர்ணோவின் இல்லத்து முற்றத்தில் விடுதலை அறிக்கையைப் படிக்க மக்கள் குழுமியிருந்தனர். சுகர்ணோ காய்ச்சலுற்றிருந்தார். ஹட்டா இன்னும் வரவில்லை. உடனே படிக்குமாறு இளைஞர் நெருக்கினர். ஹட்டா இல்லாமல் படிக்க இயலாது என்று சுகர்ணோ மறுத்துவிட்டார். காலந்தவறாமைக்குப் பெயர்பெற்ற ஹட்டா, பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் வந்து சேர்ந்தார். பத்து மணியளவில் அறிக்கை படிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் நடைபெறும் அரசு விழாவிலும் அதே பத்து மணியே போற்றப்படுகின்றது.