“மேட்ச் பண்ணி அனுப்பவும்”

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தார். அவருக்கு ஒரே வரியில் மெயில் போட்டேன்: “ஆகஸ்ட் 2பி பார்த்து பர்ச்சேஸை மேட்ச் பண்ணி அனுப்பவும். அவசரம்.” மறுநாள் மாலையே பதில் வந்துவிட்டது: “முடிச்சுட்டேன் சார். எல்லாம் டேலி ஆயிடுச்சு.”

எல்லாம் டேலி ஆனால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

2பி என்பது ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் 14ஆம் தேதி தரும் பட்டியல். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் கணக்கில் என்னென்ன பில்களை ஏற்றியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். நாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள அந்தப் பில் 2பி-யில் வந்திருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 3பி-யின் கடைசி நாள் 20. அதற்குள் நம் புத்தகத்தையும் 2பி-யையும் ஒப்பிட்டு வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அவர் வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கவில்லை; இல்லாமல் ஆக்கிவிட்டார். ஒரு உதிரிபாகக் கடைக்காரர் 40,000 ரூபாய்ப் பில்லை ஒரு பூஜ்யம் குறைத்து 4,000 என்று ஏற்றியிருந்தார். 18 சதவீத வரி 7,200க்குப் பதில் 720 ஆகியிருந்தது. நம் புத்தகத்திலும் அதை 720 ஆக்கினால்தானே ‘மேட்ச்’ ஆகும்? ஆக்கியிருந்தார். பில் பணம் போனதும் கடைக்காரர் போன் செய்தார்: “என்ன சார், நாற்பத்தேழாயிரத்து இருநூறுக்கு நாலாயிரத்து எழுநூத்தி இருபது வந்திருக்கு?” அப்போதுதான் தெரிந்தது. அவர் அழைக்காவிட்டால் 6,480 ரூபாய் வரவு போனதே தெரிந்திருக்காது.

அவர் மேல் தப்பில்லை. நான் எழுதிய சொல்லுக்கு அந்த அர்த்தமும் உண்டு. அடுத்த மாதம் 15ஆம் தேதி காலை எழுதிய மெயில் இது. தலைப்பிலேயே “செப்டம்பர் 2பி ஒப்பீடு – 17ஆம் தேதி மாலை 4 மணிக்குள்” என்று போட்டேன்.

“வணக்கம். செப்டம்பர் 2பி-யையும் நம் பர்ச்சேஸ் பதிவையும் ஒப்பிட்டு ஒரு எக்செல் ஷீட் வேண்டும். மூன்று பகுதி: நம்மிடம் இருந்து 2பி-யில் இல்லாதவை, 2பி-யில் இருந்து நம்மிடம் இல்லாதவை, இரண்டிலும் இருந்து தொகை வேறுபடுபவை. ஒத்துப்போகும் பில்கள் தேவையில்லை. ஒரு ரூபாய்க்குள்ளான வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

டேலியில் எந்தப் பதிவையும் மாற்ற வேண்டாம். சப்ளையர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

17ஆம் தேதி மாலை 4 மணிக்குள் தேவை. கிடைக்காத வரவு அளவுக்குக் கையிலிருந்து வரி கட்ட வேண்டும்; முதலாளி பணம் புரட்ட இரண்டு நாளாவது வேண்டும்.

சந்தேகங்களைச் சேர்த்து வைத்து, இன்று மாலை 5 மணிக்கு ஒரே மெயிலாக அனுப்புங்கள். உங்களுக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் எழுதுங்கள். வேலையே நின்றுபோனால் மட்டும் போன்.”

‘அவசரம்’ என்ற சொல் எங்கும் இல்லை. அவசரம் என்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதா, இன்றைக்குள் என்றா என்று யாருக்கும் தெரியாது. கெடுவுக்குக் காரணம் சொன்னதில் இன்னொரு லாபம்: நேரம் போதாவிட்டால், பெரிய தொகைப் பில்களை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்கே புரியும். ‘செய்யாதே’ பட்டியலை நீட்டவில்லை. போன மாதம் அடிபட்டது ஒன்று, அடிபடக்கூடியது ஒன்று, அவ்வளவே.

கடைசிப் பத்திதான் எனக்கு அதிகம் உதவியது. புதிதாக வந்தவர்கள் கேட்கத் தயங்குவார்கள். கேள்விக்கென்று ஒரு நேரம் இருந்தால், கேட்பதும் வேலையின் ஒரு பகுதியாகிவிடும். சரியாக ஐந்து மணிக்கு மெயில் வந்தது, இரண்டு கேள்விகளோடு.

“ஒரு பில் நம்மகிட்ட 0147, 2பி-யில் 147. தேதியும் தொகையும் ஒண்ணுதான். ஒரே பில்னு எடுத்துக்கறேன் சார்.” இதற்கு ‘சரி’ என்று ஒரு வார்த்தை போதும்.

“ஆகஸ்ட் தேதி போட்ட மூணு பில் இந்த 2பி-யில் வந்திருக்கு. நம்ம ஆகஸ்ட் பதிவுல ஏற்கெனவே இருக்கு. இதை எந்தப் பகுதியில் போடறது?”

தாமதமாகத் தாக்கல் செய்தவர்களின் பில்கள் அவை. போன மாதம் எடுக்காத வரவை இந்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். என் மெயிலில் அவற்றுக்கு இடமே இல்லை. நான்காவதாக ஒரு பகுதி சேர்க்கச் சொல்லிப் பதில் எழுதினேன்.