மாலைக் கல்லூரியில் இயற்பியல்: ஒரு வாரத்தின் கணக்கு

பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று பி.எஸ்ஸி. இயற்பியலின் கடைசி ஆண்டை ஓட்டுகிற ஒருவருக்கு, வாரத்தில் சொந்தமாக உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது ஏறக்குறைய 10 மணி நேரம்தான். காலை 9 முதல் மாலை 5.30 வரை அலுவலகம், திங்கள் முதல் வியாழன் வரை 6 மணியிலிருந்து 8.30 வரை வகுப்பு என்று வைத்துக்கொண்டால், வீடு வந்து சேரவே ஒன்பதேகால் ஆகிவிடும். மிஞ்சுவது வார நாள்களில் விடியற்காலை முக்கால் மணி, இரவில் சாப்பிட்டபின் 20 நிமிடம், சனிக்கிழமை 3 மணி, ஞாயிறு இரண்டரை மணி. இதற்கு மேல் திட்டத்தில் எழுதுவது எளிது. மாதக் கடைசியில் அலுவலக வேலை கூடும்போது அது காகிதத்திலேயே நின்றுவிடும்.

இந்த 10 மணி நேரத்தில் பெரும்பகுதியை வாரக் கடைசியில் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் செலவிடுவதே பலருடைய வழக்கம். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளந்தது. ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்த கல்லூரி மாணவர்களும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்தச் சோதனையில் பயன்பட்டது உரைநடை, இயற்பியல் அல்ல. ஆனாலும் வாரம் ஒருமுறை வகுப்பு நடக்கும் பாடத்துக்கு ஒரு வாரக் கணக்குத்தான் முக்கியம்.

ஆகவே வாரத்தை மூன்று வேலைகளாகப் பிரிப்பது நல்லது: கேட்டதை மறுநாள் காலை கணக்காகப் போட்டுப் பார்ப்பது, சனிக்கிழமை புத்தகத்தை மூடிவைத்து எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாடத்தையும் கலந்து போடுவது. திங்கள் குவாண்டம் இயக்கவியல், செவ்வாய் திடநிலை இயற்பியல், புதன் அணுக்கரு இயற்பியல், வியாழன் பிராக்டிகல் என்று ஒரு கால அட்டவணையை எடுத்துக்கொண்டால் இது எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம்.

திங்கள் இரவு 20 நிமிடத்தில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். களைத்த மூளைக்கு அது ஏறாது. அன்று வகுப்பில் வந்ததில் புரியாமல் நின்ற இடத்தை ஒரு வரியில் எழுதி, மறுநாள் காலை போடவேண்டிய ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்து நோட்டில் எழுதி வைத்தால் போதும். விடிந்ததும் எந்தக் கணக்கு என்று தேடத் தொடங்கினால் முக்கால் மணியில் கால் மணி தேடுவதிலேயே போய்விடும்.

செவ்வாய் காலை அந்தக் கணக்கு. திங்களன்று பெட்டிக்குள் அடைபட்ட துகள் நடத்தப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 1 நானோமீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் ஓர் எலெக்ட்ரான். அதன் மிகக் குறைந்த ஆற்றல் என்ன என்பது கேள்வி. சூத்திரம் E = n²h²/8mL². எண்களைப் போட்டால் 6.02 × 10⁻²⁰ ஜூல், அதாவது ஏறக்குறைய 0.38 எலெக்ட்ரான் வோல்ட் வரும். அதோடு நிறுத்தாமல், முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தாவ எந்த அலைநீள ஒளி வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றல் வேறுபாடு 0.38இன் மூன்று மடங்கு, சுமார் 1.13 எலெக்ட்ரான் வோல்ட். அலைநீளம் ஏறக்குறைய 1100 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இப்படி ஒரு படி நீட்டிப் பார்த்தவருக்கு அந்த விடையின் அளவு மனதில் தங்கிவிடும்.

அளவு மனதில் தங்குவதால் உடனடிப் பயன் ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் மிகவும் சாதாரணமான தவறு, h இருக்கவேண்டிய இடத்தில் ħ மதிப்பைப் போடுவது. இரண்டுக்கும் 2π மடங்கு வித்தியாசம். சூத்திரத்தில் அது இருபடியாக வருவதால் விடை ஏறக்குறைய 40 மடங்கு சிறுத்து 0.0095 என்று வந்து நிற்கும். ஒரு நானோமீட்டர் பெட்டி என்றால் ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலே என்று தெரிந்தவர் அந்த 0.0095ஐப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தெரியாதவர் அடிக்கோடிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

புதன், வியாழன் காலைகள் இதே மாதிரி திடநிலை இயற்பியலுக்கும் அணுக்கரு இயற்பியலுக்கும். வெள்ளிக் காலை மட்டும் வேறு வேலை: முந்தின மாலை எடுத்த அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் ஏற்றுவது. வேலைக்குப் போகிறவர்களில் அநேகர் ரெக்கார்டை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, கையெழுத்து வாங்கவேண்டிய கடைசி வாரத்தில் ஒரேயடியாக எழுதுகிறார்கள். அழகாகவும் எழுதிவிடுகிறார்கள். அதற்குள் அன்று கருவியில் என்ன நடந்தது என்பது மறந்துபோயிருக்கும்.

நிறமாலைமானிச் சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணத்தைக் கண்டு ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட வேண்டும். நேர்க்கதிருக்கு அளவு 341°20′, சிறும திசைமாற்ற நிலையில் 19°20′ என்று அப்சர்வேஷன் நோட்டில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் 322° வரும். உண்மையில் தொலைநோக்கி நகரும்போது வட்ட அளவுகோலின் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறது. 19°20′உடன் 360°ஐக் கூட்டிக் கழிக்க வேண்டும். அப்போது 38° கிடைக்கும். முப்பட்டகக் கோணம் 60° என்றால் ஒளிவிலகல் எண் 1.51, கண்ணாடிக்குப் பொருத்தமான மதிப்பு. 322°ஐப் போட்டவருக்கு எதிர்க்குறியோடு ஒரு விடை வரும். தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது மறுநாள் காலை நினைவில் இருக்கும், தவறு இரண்டு நிமிடத்தில் பிடிபடும். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்தால் பக்கத்து நண்பரின் ரெக்கார்டைப் பார்த்து எண்ணை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியாது. பிராக்டிகல் தேர்வில் அந்த நண்பர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

வெள்ளி இரவு ஓய்வு. அதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

சனிக்கிழமையின் 3 மணி நேரம் டெரிவேஷன்களுக்கு. அந்த வாரம் நடந்ததில் முக்கியமான மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் தாள், புத்தகம் மூடியிருக்க வேண்டும். பெட்டித் துகளுக்கான அலைச்சார்பை எழுதும்போது சைன், கோசைன் இரண்டும் கொண்ட பொதுத் தீர்விலிருந்து தொடங்குவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. ஒரு சுவரில் அலைச்சார்பு பூஜ்யம் என்பதால் கோசைன் விழுந்துவிடுகிறது; மறு சுவரில் பூஜ்யம் என்பதால் kL = nπ வருகிறது. இங்கேதான் பலர் நிற்பார்கள்: n பூஜ்யமாக ஏன் இருக்கக்கூடாது? அப்படி இருந்தால் அலைச்சார்பு எங்கும் பூஜ்யமாகி, பெட்டிக்குள் துகளே இல்லை என்றாகிவிடும். நின்ற வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மறுபடி மூடிவிட்டுத் தொடர வேண்டும். அடுத்த சனிக்கிழமை முழு டெரிவேஷனையும் திரும்ப எழுதத் தேவையில்லை. சிவப்புக் கோட்டிலிருந்து எழுதினால் போதும். சில வாரங்களில் இந்தச் சிவப்புக் கோடுகளே அந்த மாணவருக்கு மட்டுமான வழிகாட்டி நோட்டாகிவிடும். கடையில் விற்கும் கைடு எதுவும் இதற்கு ஈடாகாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை கொஞ்சம் எரிச்சலூட்டும். ஆறு கணக்குகள், பாடத் தலைப்பு எழுதாமல், சீட்டுப் போல் குலுக்கி எடுத்துப் போட வேண்டும். மூன்று இந்த வாரத்துடையவை, இரண்டு போன வாரத்துடையவை, ஒன்று ஒரு மாதம் பழையது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் கணித வினாக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஞாயிறன்று மனம் சோர்ந்துபோவது திட்டம் தோற்றதற்கு அடையாளமில்லை என்பதற்காகவாவது இந்த எண்களைத் தெரிந்துவைத்திருக்கலாம்.

காரணம் இதுதான். பாடத்தின் கடைசியில் உள்ள கணக்கைப் போடும்போது எந்தச் சூத்திரம் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடும். தேர்வுத்தாளில் அது இருக்காது. 100 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், தளங்களுக்கிடையே 0.2 நானோமீட்டர் தூரமுள்ள படிகத்தில் விழுகின்றன. முதல் விளிம்புவிளைவுக் கோணம் என்ன என்று ஒரு சீட்டில் வந்தால், அது குவாண்டமா திடநிலையா? இரண்டும்தான். ஆற்றலிலிருந்து அலைநீளம் என்றதும் கை தானாக hc/E என்று எழுதும். அது ஒளிக்கு உரியது, விடை 12.4 நானோமீட்டர் வரும். அதை பிராக் விதியில் போட்டால் sin θ 31 என்று வந்து நிற்கும், அப்படி ஒரு கோணமே கிடையாது. எலெக்ட்ரானுக்கு டி பிராய் அலைநீளத்தைத்தான் எடுக்க வேண்டும்: 0.123 நானோமீட்டர், கோணம் ஏறக்குறைய 18°. இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பளிப்பது கலந்து போடும் ஞாயிறு மட்டுமே.

வாரம் குலைவதும் உண்டு. ஓவர்டைம், கல்யாணம், காய்ச்சல். அப்போது முதலில் விடவேண்டியது நோட்டை அழகாக்கி எழுதுவதை. அடுத்தது சனிக்கிழமையின் ஒரு டெரிவேஷனை. காலைக் கணக்கைக் கடைசிவரை விடக்கூடாது. தவறிய வகுப்புகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை. திடநிலை இயற்பியலில் மின்காப்புப் பொருள்கள் பற்றிய பாடம் தவறினாலும் மீக்கடத்துத்திறனைத் தொடர்ந்து படித்துவிடலாம். குவாண்டத்தில் செயலிகள், ஐகன் மதிப்புகள் நடந்த வகுப்பு தவறினால் அதன் பிறகு வரும் எதுவும் விளங்காது. அந்த வாரச் சனிக்கிழமை முழுவதையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும்.

செமஸ்டர் தேர்வுக்கு நான்கு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறுகிறது: சீட்டுகளுக்குப் பதில் பழைய கேள்வித்தாள் ஒன்று, 3 மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்து. புதிய பாடம் அதற்குமேல் வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு தாளில் சிவப்புக் கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன என்றால், மூன்று தாளையும் அரைகுறையாக எழுதுவதைவிட இரண்டை நன்றாக எழுதி ஒன்றை அரியராக அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுவதே வேலைக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகும்.