ஆயுத பூஜைக்கு முன் ஒரு கடிதம்

ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாளில் பள்ளி வேன்கள் சந்தனம், குங்குமம், மாலையோடு வரும். ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் பெற்றோர் நன்றி சொல்ல அதைவிடத் தோதான நாள் இல்லை. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த பள்ளிப் பேருந்து விதிகள் உதவியாளரையும் கட்டாயமாக்கின. ஆனாலும் பண்டிகைக் கவர் பெரும்பாலும் ஓட்டுநர் கையோடு நின்றுவிடுகிறது.

எனவே இரண்டு கவர், இரண்டு கடிதம். பிள்ளைகளுக்கு அவர்கள் 'டிரைவர் அண்ணா', 'ஆயாம்மா'. கடிதத்தில் அது போதாது; பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். "தங்கள் சேவைக்கு நன்றி" என்பது யாருக்கும் பொருந்தும் வரி. நடந்ததை எழுதினால்தான் அது அவருடைய கடிதம்:

"ஜூன் மாதம் முழுக்க எங்கள் மகள் அழுதுகொண்டே ஏறினாள். நீங்கள் முன் சீட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்தீர்கள். இப்போது உங்களுக்கு டாட்டா காட்டாமல் இறங்குவதில்லை. ஆயுத பூஜை வாழ்த்துகள், அக்கா."

பெற்றோர் சேர்ந்து பணம் வைப்பதானால், யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியல் கடிதத்தில் வேண்டாம். பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அன்பளிப்பு வாங்கப் பல பள்ளிகளில் தடை உண்டு. கடிதத்துக்குத் தடை சொல்பவர் அபூர்வம்.

காலையில் மட்டும் கொடுக்கக் கூடாது. அடுத்த நிறுத்தத்துக்கு நேரமாகும், பின்னால் ஹாரன் அலறும். மாலையில் கடைசி நிறுத்தத்துப் பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் இறங்கிய பிறகு கொடுக்கலாம்.